நாற்பதைத் தாண்டாத பட்டியல்

மேர்லினிடம் புள்ளிக் கணக்குப் பார்க்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்கிரீன்ஷொட்டில் தங்கள் வரியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புவார்கள். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி தெரிந்தாலும் போச்சு. அடுத்தவன் புள்ளி நமக்கெதற்கு என்ற பெருந்தன்மை ஒன்றும் கிடையாது. நம் புள்ளி அடுத்தவன் கண்ணில் பட்டால் நாவூறு படும், குறைந்த புள்ளியென்றால் சிரிப்பான், அவ்வளவுதான். இந்த முறைப் புள்ளிப் பட்டியல் கெம்பஸ் வட்ஸ்அப் குழுவில் அரைமணி நேரம் கிடந்தது. எல்லோருடைய புள்ளியும் எல்லோருக்கும் தெரிகிறதென்று யாரோ முறைப்பாடு சொல்ல, விரிவுரையாளர் அழித்துவிட்டார். அந்த அரைமணிக்குள் ஆளாளுக்குப் படம் பிடித்து, ஆளாளுக்கு வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் மேர்லினின் ஃபோனில் டேட்டா முடிந்திருந்தது. அவளுடைய வரியைக்கூடக் காத்தான்குடி இல்ஹாம்தான் வெட்டி அனுப்பினான். அட்டை எண், பக்கத்தில் 31. வேறொன்றுமில்லை.

முப்பத்தொன்றா! நூற்றுக்கு முப்பத்தொன்று! செட்டிபாளையத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த உடுப்போடு கட்டிலில் இருந்து அழுதாள் பிள்ளை. புதிதாக வந்த விரிவுரையாளர் புள்ளி போடுவதில் கை இறுக்கம் என்று கேள்விப்பட்டிருந்தாள். இவ்வளவு கசவாரம் என்று நினைக்கவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கொப்பியை எடுத்தாள். புள்ளிவிபரவியல் பாடம். வகுப்பில் அவளை விட்டால் இந்தக் கணக்குக்கு ஆளில்லை.

கணக்கு பெரிய கம்பசூத்திரம் இல்லை. செமஸ்டருக்குள் வைத்த சோதனை, ஒப்படை எல்லாம் சேர்ந்த உள்மதிப்பீட்டுக்கு நாற்பது. இறுதிப் பரீட்சைக்கு அறுபது. இரண்டும் சேர்ந்து நாற்பது வந்தால் பாஸ். அதோடு ஒரு நிபந்தனை: இறுதிப் பரீட்சைத் தாளில் நூற்றுக்குக் குறைந்தது முப்பத்தைந்து எடுக்க வேண்டும். உள்ளே எவ்வளவு அள்ளிக் குவித்தாலும் தாளில் முப்பத்துநான்கு என்றால் ஃபெயில்தான்.

போன செமஸ்டரில் எல்லாப் பட்டியலும் நூற்றுக்குத்தான் வந்தது. அதனால் மேர்லின் என்றும் செய்வதையே செய்தாள். வந்த புள்ளியை 0.4 ஆல் பெருக்கினாள். 31 பன்னிரண்டு தசம் நான்காயிற்று. நாற்பதுக்கு இன்னும் 27.6 வேண்டும். அதை அறுபதுக்கு எடுக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு நாற்பத்தாறு. சரி, அவளுக்கு அது எட்டாத உயரமில்லை. மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பின்னேரம் ஆகுமுன் பதினொரு பேர் அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கொப்பியில் தனிப்பக்கம். ஒருவர் புள்ளியை இன்னொருவருக்குச் சொல்வதில்லை என்று மேர்லினுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. அதனால்தான் எல்லோரும் அவளிடம் வந்தார்கள். இல்ஹாமுக்கு 25, அவனுக்கு ஐம்பது வேண்டுமென்று எழுதினாள். "அம்பதா? அப்ப நான் கடலுக்குள்ள பாய்ஞ்சாத்தான் சரி" என்று அவன் குரல் அனுப்பினான். இருந்தாலும் படிக்கப் போனான்.

கடைசியாக வந்தது அஞ்சலாக்காவின் வரி. பத்தொன்பது.

அஞ்சலா இவர்களைவிட ஏழு வயது மூத்தவள். ஆரையம்பதிப் பக்கம் உள்ள உடுப்புத் தொழிற்சாலையில் தையல் மெஷினில் வேலை. வேலையோடு வேலையாக டிப்ளோமா படித்தவள். மற்றப் பாடமெல்லாம் எப்படியோ தாண்டிவிட்டாள். இந்தப் புள்ளிவிபரவியல் மட்டும் இரண்டு தரம் காலைவாரிவிட்டது. மூன்றாம் தரம் என்பதால்தான் மேர்லினின் வகுப்போடு வந்து குந்தியிருந்தாள். இதிலும் விழுந்தால் நான்காம் தரம் கிடையாது. படித்த மூன்று வருடமும் குப்பைக்குள். தொழிற்சாலையின் அலுவலகப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. டிப்ளோமாக் கடதாசி கையில் இருந்தால் அந்த இடம் உனக்கு என்று மனேஜர் வாயால் சொல்லியிருந்தார்.

மேர்லின் கணக்குப் போட்டாள். 7.6. இன்னும் 32.4. நூற்றுக்கு ஐம்பத்துநான்கு.

அதை மட்டும் சொல்லியிருக்கலாம். சொன்னாளா? இல்லையே! ஃபோன் எடுத்து, "அக்கா, அம்பத்து நாலு வேணும். போனமுற நீங்க எவ்வளவு எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நாப்பத்தொண்டு புள்ள. அதான் என்ட ஆகக்கூட."

"அப்ப அக்கா... சும்மா அலைஞ்சி மனச நோகப்பண்ணாதீங்க. இது சரிவராது போல."

"சரி புள்ள, நீ சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்" என்று அஞ்சலா ஃபோனை வைத்துவிட்டாள். அடுத்த நாளே பரீட்சைக்கு எடுத்த லீவை வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததாக ஒரு செய்தி வந்தது. மேர்லின் அதற்கு ஒரு கண்ணீர்ப் பொம்மை போட்டுவிட்டு, தன் நாற்பத்தாறுக்குப் படிக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை பரீட்சை. பகல் ஒரு மணிக்கு. பத்து மணி பஸ்ஸில் மேர்லின் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் கடற்காற்று, மறுபக்கம் வாவிக் காற்று, நடுவில் பஸ்ஸுக்குள் மீன்கூடை வாசம். கொப்பியை விரித்தால் எழுத்து ஆடியது. மனமும் ஆடியது. காரணமில்லாமல் ஏதோ ஒன்று காலையிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

கிரான்குளம் தாண்டும்போது இல்ஹாமின் செய்தி வந்தது. "என்ட கணக்க ஒருக்கா திரும்பப் பாரு. அம்பது எண்டா என்னால ஏலா. பிச்சை மாதிரி கேக்கிறன்."

சிரிப்புத்தான் வந்தது. அவன் பக்கத்தைத் தேடிக் கொப்பியைப் புரட்டினாள். டினோஷா 28. அடுத்த பக்கம் 22. அடுத்தது 17. பிறகு நிஸ்றா, 36.

புரட்டிய கை நின்றது.

நிஸ்றா ஏறாவூர்ப் பிள்ளை. புத்தகத்தில் காற்புள்ளி விடாமல் பாடமாக்குகிறவள். போன செமஸ்டரில் எண்பத்திரண்டு எடுத்தவள். அவளுக்கு நூற்றுக்கு முப்பத்தாறா? ஞாயிற்றுக்கிழமை இது ஏன் உறைக்கவில்லை? தன்னுடைய முப்பத்தொன்றுக்கு அழுத கண்ணால் பார்த்தால் என்ன உறைக்கும்!

மேர்லின் திரும்ப முதற்பக்கத்திலிருந்து வந்தாள். முப்பத்தொன்று. இருபத்தைந்து. இருபத்தெட்டு. கடைசியில் பத்தொன்பது. தன்னுடையதோடு பன்னிரண்டு பக்கம், பன்னிரண்டு புள்ளி. ஒன்றுகூட நாற்பதைத் தாண்டவில்லை. ஒருவருக்குக்கூட நாற்பத்தொன்று இல்லை.

நூற்றுக்கு வைத்த புள்ளியென்றால் பன்னிரண்டு பேரில் ஒரு ஆளாவது ஐம்பது, அறுபது என்று போயிருக்காதா? இது நாற்பதுக்குப் போட்ட புள்ளி. ஏற்கனவே சுருக்கித் தந்ததை அவள் இன்னொருதரம் சுருக்கியிருக்கிறாள்.

இல்ஹாமுக்கு எடுத்தாள். "டேய், நீ வெட்டாத முழுப்படம் வெச்சிருக்கியா?"

"அழிச்சிட்டன். ஏன்?"

"அழிச்சது முப்பது நாளைக்கு ஃபோனுக்குள்ள கிடக்கும், குப்பைக்குள்ள தேடு. கெதியா! தலைப்பு தெரியிற மாதிரி அனுப்பு."

"என்னகா, குரல் ஒரு மாதிரி இரிக்கி?"

"தேடுடா!"

பஸ் தாழங்குடாவில் நின்று, ஆள் ஏற்றி, இன்னும் ஆள் வராதா என்று பார்த்துக்கொண்டு நின்றது. நடத்துநர் மனிதன் இறங்கிப் போய் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தான். மேர்லினுக்கு அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவரலாம் போலிருந்தது. ஃபோன் கிணுங்கியது. முழுப்படம். மேலே, யாருமே வெட்டி அனுப்பாத அந்தத் தலைப்பு வரியில், கொட்டை எழுத்தில் கிடந்தது: தொடர் மதிப்பீடு (40).

அடைப்புக்குறிக்குள் ஒரு நாற்பது. அதை வெட்டியெறிந்துவிட்டு பதினொரு பேரும் அவளிடம் வந்தார்கள். அவளும் கேட்காமல் பெருக்கினாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் ஆனையுமில்லை, பூனையுமில்லை. வாய் மட்டும் நீளம்.

பத்துப் பேருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சொல்லப்போனால் லாபம். தேவைக்கு மேலே பயந்து, திட்டிக்கொண்டே கூடுதலாகப் படித்திருந்தார்கள். பதினோராவது ஆள் அஞ்சலாக்கா. மேர்லின் கொப்பியின் ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். நாற்பதில் பத்தொன்பது போக இருபத்தொன்று. அறுபதுக்கு இருபத்தொன்றென்றால், நூற்றுக்கு முப்பத்தைந்து.

முப்பத்தைந்து! நாற்பத்தொன்று எடுக்கத் தெரிந்த மனுசியை முப்பத்தைந்துக்குப் போகாமல் மறித்து வைத்திருக்கிறாள், பாவி.

அஞ்சலாவின் ஃபோன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க மாட்டாள். தொழிற்சாலைக்குள் போனால் ஃபோன் லொக்கருக்குள். அது மேர்லினுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்பது தரம் எடுத்தாள். ஆரையம்பதி வருமுன்பே எழும்பி வாசலில் தொங்கிக்கொண்டு நின்றாள். "புள்ள, டவுனுக்கெல்லோ டிக்கட் எடுத்த?" என்று நடத்துநர் கேட்டது காதில் விழவில்லை.

தொழிற்சாலை வாசலில் ஆதம்பாவா என்றொரு காவலாளி. நரைத்த தாடி, இஸ்திரி மடிப்புக் குலையாத நீலச் சட்டை. கேட்டுக்குக் குறுக்கே கதிரை போட்டு இருந்தவர் அவள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"அஞ்சலாவா? உள்ள முந்நூறு புள்ளையள் இரிக்கி. எந்த லைன்?"

"தெரியா நானா. தையல்ல... கையில சிலுவை பச்சை குத்தியிரிக்கிற அக்கா."

"ஆ, அந்தப் புள்ளையா. பன்னெண்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும். அப்ப வருவா."

மணி பத்து நாற்பத்தைந்து. பன்னிரண்டுக்கு வந்து, கதைத்து, வெளியே விட அனுமதி எடுத்து... மேர்லினுக்கு நின்ற இடம் கொதித்தது. "நானா, இப்பவே வேணும். அவசரம்."

ஆதம்பாவாவின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "ஊட்டுல ஆருக்கும் மௌத்தா புள்ள? எண்டாச் சொல்லு, இப்பவே அடிச்சி கூப்பிர்றன்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த மனுசி எவருடைய சாவென்று பதறிக்கொண்டு ஓடி வருவதை நினைத்தாள். இந்த வாயால் ஒருதரம் செய்தது போதும்.

"இல்ல நானா. சாவில்ல. நான் அவக்கு ஒரு கணக்குப் பாத்துக் குடுத்தனான், பிழைச்சிப்போச்சி. அதால அவ சோதினைக்குப் போகாம நிக்கிறா. ஒரு மணிக்குச் சோதினை. இதான் கடைசித் தரம்."

கிழவர் கதிரையை விட்டு எழும்பினார். "கணக்குப் பிழைச்சா?"

"ஓம்."

"ஆரு பிழைச்ச?"

"நான்தான்."

"ம்ம். ஒத்துக்கொண்டாய், அது போதும்" என்று சொல்லிவிட்டு ஃபோனைத் தூக்கி உள்ளே யாரையோ அதட்டினார். அதற்குப் பிறகும் ஐம்பது நிமிடம். மேற்பார்வையாளர் கூட்டத்தில், மற்ற மேற்பார்வையாளருக்கு அதிகாரமில்லை, கேட் பாஸ் புத்தகம் யாரிடமோ. மேர்லின் கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் நடந்தாள். நடந்து நடந்து மணலில் தடம் விழுந்தது. இல்ஹாம் எடுத்தான், விசயத்தைச் சொன்னாள். "யா அல்லாஹ்!" என்றான் முதலில். அப்புறம், "அப்ப எனக்கு எவ்வளவு வேணும்?" என்றான்.

"உனக்குப் பதினஞ்சு. ஆனா தாள்ல முப்பத்தஞ்சு எடுக்கணும், மறந்துராத."

"பதினஞ்சு எதுக்கு?"

"அறுபதுக்கு! நூத்துக்கு இருபத்தஞ்சு. குறைஞ்சது முப்பத்தஞ்சு எண்டபடியா முப்பத்தஞ்சு. டேய், இப்ப அதுவா முக்கியம்? அக்காட அனுமதி அட்டைய கொமினிகேஷன் கடையில பிரிண்ட் எடுத்து வை. அவட மெயிலுக்கு வந்ததை எனக்கு முந்தி அனுப்பிவெச்சவ, உனக்குப் போட்டுவிர்றன். ஒரு கல்குலேட்டரும் கொண்டுவா."

பதினொன்று முப்பத்தைந்துக்கு அஞ்சலா வந்தாள். நீல ஏப்ரன், தலையில் வலைத்தொப்பி, தோளில் நூல்துண்டுகள். அவள் முகத்தைப் பார்த்ததும் மேர்லின் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்தது.

"அக்கா, அம்பத்து நாலு பிழை. முப்பத்தஞ்சு போதும். நான் ரெண்டு தரம் சுருக்கிட்டன்."

அஞ்சலா சிரிக்கவுமில்லை, சந்தோசப்படவுமில்லை. ஏப்ரன் நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை அம்பத்து நாலு. இண்டைக்கு முப்பத்தஞ்சு. நாளைக்கு என்ன புள்ள, இருபதா?"

"இல்லக்கா, இது சரி. சத்தியமா."

"நீ நம்பர் மட்டும் சொல்லல்ல மேர்லின். சும்மா அலையாதீங்க எண்டும் சொன்ன. அண்டிரவே புத்தகத்தைக் கட்டி அலுமாரிக்கு மேல வெச்சிட்டன். மூண்டு நாள் ஓவர்டைம் செஞ்சன், யோசினை வரக்கூடாதெண்டு. ஒண்டுமே பாக்கல்ல. இப்ப வந்து முப்பத்தஞ்சு எண்டுறாய். நான் என்ன உன்ட கொப்பியா, அழிச்சழிச்சி எழுத?"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மேர்லினுக்கு அழுகை முட்டியது. ஆனால் இப்போது அழுதால் அது அக்காவின் நேரம். ஃபோனில் முழுப்படத்தைப் பெரிதாக்கி நீட்டினாள். மற்றக் கையால் பேனையை நீட்டினாள்.

"நான் சொல்லல்லக்கா. நீங்களே போடுங்க. மேல தலைப்பு இரிக்கி, பாருங்க."

அஞ்சலா ஃபோனை வாங்கி வெயிலுக்குக் கை மறைத்துப் பார்த்தாள். தலைப்பைப் பார்த்தாள். தன் வரியைத் தேடிப் பிடித்தாள். ஆதம்பாவா அவள் கொண்டுவந்த கேட் பாஸ் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மெஷினுக்குப் பழகிய விரல்கள் மெதுவாக எழுதின. நாற்பது கழித்தல் பத்தொன்பது. இருபத்தொன்று. அதன் கீழே ஒரு கோடு, அறுபது. பெருக்கல் நூறு. அவள் உதடு அசைந்தது. ஒருதரம் பிழையாகப் போட்டு வெட்டினாள், திரும்பப் போட்டாள்.

"முப்பத்தஞ்சு" என்றாள். அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "போனமுற நாப்பத்தொண்டு எடுத்தனான். உள்ள பதினாலு தசம் நாலுதான் இருந்த. முப்பத்தொம்பதில நிண்டுபோச்சி. ஒரேயொரு புள்ளி."

அஞ்சலா பேனையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எத்தினை மணிக்கு எண்ட?"

"ஒரு மணிக்கு அக்கா. ஒண்டரைக்குப் பிறகு உள்ள விடமாட்டாங்க."

அரைநாள் லீவுக்குத் துண்டு எழுதி, மேற்பார்வையாளர் அதை முன்னும் பின்னும் பார்த்து, ஒப்பம் வைத்து, லொக்கரில் அடையாள அட்டையும் ஃபோனும் எடுத்து அஞ்சலா வெளியே வரும்போது பன்னிரண்டரை. ஆட்டோ ஏற்கனவே நின்றது. ஆதம்பாவா பிடித்து வைத்திருந்தார். ஆட்டோவுக்குள் மேர்லின் கொப்பியை விரித்தாள். இடை, மாறற்றிறன், ஒட்டுறவு. எது கட்டாயம் வரும், எதை விட்டாலும் பரவாயில்லை. அஞ்சலா சூத்திரங்களை வாய்க்குள் முணுமுணுத்தாள். பாதி நினைவிருந்தது, பாதி அலுமாரிக்கு மேலே இருந்தது. காத்தான்குடியில் வாகனம் நெருக்கி நின்றது. "அண்ணே, ஹோன அடிங்க!" என்று மேர்லின் கத்தினாள். "அடிச்சா ரோட்டு விரியுமா தங்கச்சி?" என்றார் ஆட்டோக்காரர். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கீழே வாவி சும்மா பளபளத்துக்கொண்டு கிடந்தது. மேர்லினுக்கு அதன்மேல்கூட எரிச்சல் வந்தது.

ஒன்று பத்துக்கு வாசல். இல்ஹாம் மண்டபத்துக்குள் போகாமல், பிரிண்ட் எடுத்த அட்டையையும் கல்குலேட்டரையும் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றான். "அரை மணித்தியாலம் தருவானுகள்தானே, அதான் நிண்டன்" என்றான். மூவரும் ஓடினார்கள். கண்காணிப்பாளர் மணிக்கூட்டைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, உள்ளே விட்டார்.

மேர்லினுக்கு அஞ்சலாவின் பின்னால் மூன்றாவது மேசை. தன் வினாத்தாளைப் பார்ப்பதைவிட முன்னால் இருந்த வலைத்தொப்பியைத்தான் அதிகம் பார்த்தாள். அஞ்சலா அதைக் கழற்ற மறந்திருந்தாள். அந்தத் தலை குனிந்திருந்தால் நிம்மதி. நிமிர்ந்து சுவரைப் பார்த்தால் இவள் பேனையைக் கீழே வைத்துவிடுவாள். கடைசி மணி அடிக்கும்வரை அந்தத் தலை எழும்பிப் போகவில்லை.

வெளியே வந்ததும் மேர்லின் வாயைத் திறந்தாள். "அக்கா, ரெண்டாம் கேள்வி எத்தினை பகுதி செஞ்சீங்க? சொன்னா நான்..."

"பாக்காத" என்றாள் அஞ்சலா. "எனக்கு இனிக் கணக்குப் பாக்காத புள்ள." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். ஆரையம்பதி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டரை மாதம். மேர்லின் யாருக்கும் புள்ளி பார்த்துக் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கு விதியை எழுதி அனுப்பினாள். தலைப்பைப் பார்த்து நீயே போடு என்றாள். திமிர் என்று பின்னால் கதைத்தார்கள். கதைக்கட்டும். அஞ்சலாவுக்கு எத்தனையோ தரம் செய்தி தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தாள்.

பெறுபேறு வந்த நாள் குழுவில் பட்டியலைத் திறக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. செட்டிபாளையத்து வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் கொடிக்கடியில், ஃபோனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது கையில் அதிர்ந்தது. அஞ்சலாக்கா.

ஒரு ஸ்கிரீன்ஷொட். வெட்டாதது. தலைப்பு, எல்லா அட்டை எண்களும், எல்லோருடைய புள்ளியும், மேலே ஃபோனின் மணிக்கூடும் பட்டரியும்கூட அப்படியே. யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அனுப்பியிருந்தாள். அதன் கீழே ஒரு வரி: "வெட்டாம அனுப்பியிருக்கன். இப்ப கணக்குப் பாரு."

மேர்லின் விரலால் வரியைத் தேடினாள். தொடர் மதிப்பீடு 19. இறுதிப் பரீட்சை 36.

மனதுக்குள் தானாக ஓடியது. முப்பத்தாறில் அறுபது வீதம் இருபத்தொன்று தசம் ஆறு. பத்தொன்பதைக் கூட்டினால் நாற்பது தசம் ஆறு. பாஸ்.

மெய்தான் என்று மூன்று தரம் சரிபார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பிறகுதான் அந்த முப்பத்தாறு உறைத்தது. நாற்பத்தொன்று எடுத்த மனுசி. நாலு நாள் புத்தகம் அலுமாரிக்கு மேலே கிடந்ததில் ஐந்து புள்ளி போயிருக்கிறது. இன்னும் இரண்டு போயிருந்தால்?

அவள் பதில் எழுதினாள். "பாத்தன் அக்கா. பாஸ். ஒரு புள்ளி மிச்சம்."

உடனே பதில் வந்தது. "எனக்குத் தெரியும். நானே போட்டுப் பாத்திட்டன்."